பச்சைவீடு வேறு, பச்சைவீட்டு விளைவு வேறு, பூமி சூடாவது வேறு

போன வாரம் மஃரிபுக்குப் பிறகு தேநீர்க் கடையடியில் எங்களைக் கண்ட ஒரு வாப்பா, பிளேன்டிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "சேர், பின்வளவுல பொலித்தீன் கூடாரம் ஒன்டு அடிச்சு கறிமிளகாயும் வெள்ளரியும் போடலாம் என்டு நினைக்கிறன். மகள் விடுறா இல்ல. பச்சைவீடு கட்டினா பூமி சூடாகும் என்டு சொல்றா. நான் ஒரு கூடாரம் அடிச்சா ஒலுவில் சூடாகுமா சேர்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களால் சிரிக்க முடியவில்லை. அதே வாரம் நாங்கள் திருத்திய விடைத்தாள்களில் ஒரு பிள்ளை, "பச்சைவீட்டு விளைவு என்பது மனிதன் உண்டாக்கிய ஒரு தீமை" என்று எழுதியிருந்தது. இன்னொரு பிள்ளை, "பச்சைவீட்டு விளைவினால் ஒலுவில் கடற்கரை அரிக்கப்படுகின்றது" என்று எழுதியிருந்தது. அந்த மகளின் பயமும் இந்த இரண்டு விடைகளும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. மூன்று வெவ்வேறு விடயங்களை நாம் ஒரே பெயரில் கட்டிப் பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கின்றோம். இந்தக் குற்றத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு சற்று நீளமாகின்றது. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம்.

'விளைவு' என்றால் நம்மூர் வயற்காரருக்கு என்ன? "இந்தப் போகம் ஏக்கருக்கு விளைவு எப்படி?" என்று கேட்பார்கள். அங்கே விளைவு என்பது விளைச்சல். பச்சைவீட்டு விளைவு என்று கேட்டதும் கூடாரத்துக்குள் விளைந்த தக்காளி நினைவுக்கு வந்தால் அவரில் பிழை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கோ விளைவு என்றால் 'பின்விளைவு'. மதுவின் விளைவு, போதைப்பொருளின் விளைவு என்று கட்டுரை எழுதிப் பழகிய பிள்ளை, விளைவு என்று வந்தாலே கெட்டது என்று முடிவு செய்துவிடுகின்றது.

விஞ்ஞானத்தில் இந்தச் சொல்லுக்கு இந்த இரண்டு பொருளும் கிடையாது. உயர்தரத்தில் படிக்கும் ஒளிமின் விளைவு, டொப்ளர் விளைவு போல இதுவும் இயற்கையில் நடக்கும் ஒரு நிகழ்வின் பெயர். அது நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. நடக்கின்றது, அவ்வளவுதான்.

அடுத்தது 'பச்சைவீடு'. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பசுமை இல்லம், பசுமைக்குடில் என்றெல்லாம் எழுதுகின்றார்கள். எப்படி எழுதினாலும் அது செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தைத்தான் குறிக்கின்றது. வளிமண்டலம் பூமியைச் சூடாக வைத்திருப்பதை விளக்க, ஐரோப்பாவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளை உவமையாக எடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த உவமை பெயராகவே நிலைத்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், அந்த உவமை பிழையானது. செடிவீடு சூடாகும் முறை ஒன்று, பூமி சூடாக இருக்கும் முறை வேறொன்று.

இதை விளங்கிக்கொள்ள, நுவரெலியா, வெலிமடைப் பக்கம் சுற்றுலா போனவர்கள் பார்த்திருக்கும் பொலித்தீன் கூடாரங்களை மனதில் எடுங்கள். பகலில் உள்ளே போனால் முகத்தில் சூடு அடிக்கும். ஏன்? வெயில் பொலித்தீனைத் தாண்டி உள்ளே வந்து மண்ணையும் செடியையும் சூடாக்குகின்றது. மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் வளி சூடாகின்றது. சூடான வளி பாரம் குறைந்து மேலே எழும்பப் பார்க்கின்றது. வெளியே திறந்த தோட்டத்தில் அது எழும்பிப் போய்விடும், அந்த இடத்துக்குக் குளிர்ந்த வளி வந்துசேரும். 11ஆம் ஆண்டுப் பிள்ளைகள் இதை மேற்காவுகை என்று படிக்கின்றார்கள். கூடாரத்துக்குள் கூரை அதைத் தடுத்துவிடுகின்றது. சூடான வளி போக வழியில்லாமல் அங்கேயே சுற்றுகின்றது. கூடாரம் சூடாவதற்கான பெரிய காரணம் இதுதான்.

ஆனால் பல புத்தகங்களில் வேறு காரணம் எழுதியிருக்கும். "கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளேயிருந்து வரும் செங்கீழ்க் கதிரை வெளியே விடாது, அதனால் சூடாகின்றது" என்று. செங்கீழ்க் கதிர் என்பது சூடான எந்தப் பொருளும் வெளிவிடும், கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிக்குப் பக்கத்தில் தொடாமல் கையை வைத்தாலும் சூடு தெரிகின்றதல்லவா, அது.

இந்தக் காரணம் சரியா என்று 1909இல் ரொபர்ட் வூட் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர் சோதித்துப் பார்த்தார். கறுப்பு மட்டையால் இரண்டு பெட்டிகள் செய்தார். ஒன்றைக் கண்ணாடித் தட்டால் மூடினார். மற்றதைப் பாறை உப்பைத் தட்டாக வெட்டி மூடினார். கண்ணாடி செங்கீழ்க் கதிரை மறிக்கும். பாறை உப்பு மறிக்காது, போகவிட்டுவிடும். கதிரை மறிப்பதுதான் காரணம் என்றால் கண்ணாடிப் பெட்டி நன்றாகச் சூடாகி, உப்புப் பெட்டி பின்தங்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரி வெயில் கிடைக்கும்படி, வெயில் வரும் வழியில் இன்னொரு கண்ணாடியையும் வைத்துப் பார்த்தபோது, இரண்டு பெட்டிகளும் 55 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகின. வித்தியாசம் 1 பாகைகூட இல்லை. இரண்டு மூடியும் பொதுவாகச் செய்த ஒரே வேலை, உள்ளேயிருந்த வளியை வெளியே போகவிடாமல் வைத்தது.

பாறை உப்புத் தட்டுக்கு நாங்கள் எங்கே போவது? தேவையில்லை. நம் நாட்டுக் கூடாரங்களே அந்தச் சோதனையைத் தினமும் செய்துகாட்டுகின்றன. சாதாரண பொலித்தீன், பாறை உப்பைப் போலவே செங்கீழ்க் கதிரின் பெரும்பகுதியைப் போகவிட்டுவிடும். ஆனாலும் பொலித்தீன் கூடாரம் பகலில் கொதிக்கின்றது. உச்சியில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கிவிடும். பொலித்தீனின் குணம் மாறவில்லை, வளிக்கு வழி கிடைத்தது. இரவிலோ கதை மறுபக்கமாகின்றது. காற்று அசையாத, மேகமில்லாத மலைநாட்டு இரவில் மண்ணின் வெப்பம் கதிராகப் பொலித்தீனைத் தாண்டி வானத்துக்குப் போய்விடும். அப்படியான இரவில் கூடாரத்துக்கு உள்ளே வெளியை விடக் கொஞ்சம் குளிராகவும் இருக்கலாம். இதனால்தான் செங்கீழ்க் கதிரை மறிக்கும் பதார்த்தம் சேர்த்த விசேட பொலித்தீன்களும் செய்கின்றார்கள்.

ஆகவே அந்த வாப்பாவின் கேள்விக்கு விடை எளிது. அவருடைய கூடாரம், அதற்குள் அடைபட்ட வளியைத்தான் சூடாக்கும். கதவைத் திறந்தால் அதுவும் போய்விடும். ஒலுவிலும் சூடாகாது, பூமியும் சூடாகாது. எங்கள் கரையோரத்தில் அவருக்கு உண்மையில் வரப்போகும் பிரச்சினை வேறு. மலைநாட்டில் கூடாரத்தின் சூடு உதவி. இங்கே அது உபத்திரவம். கூரை மழையைத் தடுக்கட்டும், பக்கங்களில் பூச்சிவலை அடித்து உச்சியில் வளி போக வழி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் கறிமிளகாய்ப் பூ உதிர்ந்து கொட்டும். செடிவீட்டின் கதை இவ்வளவுதான்.

இப்போது வானத்துக்கு வருவோம்.

வளிமண்டலத்துக்குக் கூரை இல்லை. அங்கே சூடான வளி தாராளமாக மேலெழுகின்றது. அப்படி எழுவதால்தான் மேகமும் மழையும். ஆகவே செடிவீட்டைச் சூடாக்கும் அந்த வழி இங்கே வேலை செய்யவே முடியாது. இங்கே வேலை செய்வது, வூட் தன் பெட்டியில் காரணம் இல்லை என்று காட்டிய அதே கதிர்ப்புத்தான்.

சூரியனிலிருந்து வரும் ஒளியில் பெரும்பகுதி வளிமண்டலத்தைத் தாண்டி நிலத்தையும் கடலையும் அடைகின்றது. அவை சூடாகிச் செங்கீழ்க் கதிரை மேல்நோக்கி வெளிவிடுகின்றன. வளியில் 99 சதவீதமான நைதரசனும் ஒட்சிசனும் அந்தக் கதிரைக் கண்டுகொள்வதில்லை. நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்றவற்றின் மூலக்கூறுகள் அதை உறிஞ்சுகின்றன. உறிஞ்சியதை எல்லாத் திசையிலும் திரும்ப வெளிவிடுகின்றன. ஒரு பங்கு கீழே நம்மிடமே வருகின்றது. மேலே போகும் பங்கும் வழியில் மீண்டும் மீண்டும் உறிஞ்சப்பட்டு, கடைசியில் குளிர்ந்த உயர் வளியிலிருந்துதான் விண்வெளிக்குத் தப்புகின்றது. குளிர்ந்த வளி குறைவாகவே கதிர்வீசும். ஆகவே சூரியனிடமிருந்து வந்ததற்குச் சமனாக வெளியே அனுப்ப வேண்டுமென்றால், கீழே நிலம் கூடுதல் சூடாக இருந்தாக வேண்டும். இந்த நிகழ்வுக்குப் பெயர்தான் பச்சைவீட்டு விளைவு.

இதைக் கண்டுபிடித்தவர்களின் வரிசையும் தெரிந்திருப்பது நல்லது. பூமியின் வெப்பநிலையை வளிமண்டலம் கூட்டுகின்றது என்று 1824இல் பிரான்சின் ஜோசப் பூரியே எழுதினார். காபனீரொட்சைட்டு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மற்றவற்றை விடக் கூடச் சூடாவதை 1856இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் பூட் அறிவித்தார். எந்த வாயு செங்கீழ்க் கதிரை உறிஞ்சுகின்றது, எது உறிஞ்சுவதில்லை என்று 1859 முதல் கருவி வைத்து அளந்தவர் ஜோன் டின்டால். இவர்கள் யாரும் தங்கள் கண்டுபிடிப்புக்குப் பச்சைவீட்டு விளைவு என்று பெயர் வைக்கவில்லை. பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அளவைச் சொன்னால் இன்னும் விளங்கும். பூமி சூரியனிடமிருந்து சராசரியாக ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 240 உவாற்று உறிஞ்சுகின்றது. அதே அளவை வெளிவிடுவதற்கு ஒரு பொருள் 255 கெல்வினில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸில் இருந்தால் போதும். ஆனால் பூமியின் மேற்பரப்பு சராசரியாக 15 பாகை அளவில் இருக்கின்றது. இடையிலுள்ள 33 பாகைதான் பச்சைவீட்டு விளைவு நமக்குத் தருவது. அது இல்லாவிட்டால் களியோடையும் ஓடாது, கடலும் பனிக்கட்டியாகும். "மனிதன் உண்டாக்கிய தீமை" என்று எழுதிய பிள்ளைக்கு நாங்கள் முதலில் சொல்ல வேண்டியிருந்தது இதைத்தான். மனிதன் வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பிருந்தே இது நடக்கின்றது.

இதை ஒலுவிலில் உடம்பிலேயே உணரலாம். மாரி விலகிய தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவில், சுபஹுக்கு எழும்பும்போது குளிர் தெரியும். அதே நாட்களில் மேகம் மூடிய இரவு ஒன்று வந்தால் விடியும்வரை புழுங்கும். இரண்டு இரவிலும் சூரியன் இல்லை. மேகமும் நீராவியும் கீழே அனுப்பும் செங்கீழ்க் கதிர்தான் பெரிய வித்தியாசம். பொருட்களின் சூட்டைத் தொடாமல் அளக்கும் துப்பாக்கி போன்ற வெப்பமானி இப்போது கடைகளில் கிடைக்கின்றது. காய்ச்சல் பார்ப்பதல்ல, இயந்திரங்களுக்குப் பாவிப்பது. அதை இரவில் தெளிந்த வானத்துக்குக் காட்டினால் வாசிப்பு மிகவும் கீழே இறங்கும். தாழ்ந்த மேகத்துக்குக் காட்டினால் பல பாகை மேலே ஏறும். ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்தக் கருவி பெரும்பாலும் மேகத்தையும் நீராவியையும்தான் பார்க்கும். காபனீரொட்சைட்டு உறிஞ்சும் அலைநீளங்களைத் தவிர்த்துத்தான் அதைச் செய்திருக்கின்றார்கள். அதை வைத்துக் காபனீரொட்சைட்டை அளந்தோம் என்று சொல்லக் கூடாது.

சோதனை என்றதும் எங்கள் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றுக்கு இரண்டு போத்தல்கள் வைத்தோம். ஒன்றில் சாதாரண வளி, மற்றதில் வினாகிரியும் அப்பச்சோடாவும் கலந்து எடுத்த காபனீரொட்சைட்டு. மேலே மின்குமிழ். காபனீரொட்சைட்டுப் போத்தல் கூடச் சூடானது. பிள்ளைகள் கை தட்டினார்கள், பெற்றோரும் பாராட்டினார்கள். நாங்களும் "இதுதான் பச்சைவீட்டு விளைவு" என்று விளக்கம் சொன்னோம்.

அது பச்சைவீட்டு விளைவு அல்ல. இப்படியான வகுப்பறைச் சோதனையை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2010இல் அமெரிக்கப் பௌதிகவியல் சஞ்சிகை ஒன்றில் வந்தது. அவர்கள் காபனீரொட்சைட்டுக்குப் பதிலாக ஆகன் வாயுவை விட்டுப் பார்த்தார்கள். ஆகன் செங்கீழ்க் கதிரை உறிஞ்சுவதே இல்லை. ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவு சூடு ஏறியது. காரணம், இரண்டு வாயுவும் வளியை விடப் பாரமானவை. அவை அடியில் தங்கிவிடுவதால் வளி கலப்பது குறைந்து, சூடு அங்கேயே நிற்கின்றது. அதாவது நாங்கள் போத்தலில் காட்டியது செடிவீட்டின் கதை, பெயர் மட்டும் வானத்தின் கதை. சரியான விடை வந்தது, காரணம் பிழை. ஒரு போத்தல் உயர வாயு கதிரை உறிஞ்சிச் செய்யும் வேலை மிகச் சிறியது. வானத்தில் அது பல கிலோமீற்றர் உயரத்துக்குப் பரந்திருக்கின்றது. இந்தச் சோதனையை இன்னும் செய்பவர்கள் இருந்தால் நிறுத்திவிடுங்கள் என்று தயவாகக் கேட்கின்றோம்.

இங்கே இன்னொரு பொறியும் இருக்கின்றது. "பெயரே பிழையென்று வூட் காட்டிவிட்டார், ஆகவே பச்சைவீட்டு விளைவே பொய்" என்று சொல்பவர்கள் உண்டு. வூட் தன் குறிப்பின் முடிவில், வளிமண்டலத்திலும் இந்தக் கதிரின் பங்கு அற்பமாக இருக்கலாம் என்று ஒரு படி கூடுதலாகப் போனது உண்மை. தான் அதை ஆழமாக ஆராயவில்லை என்று அவரே எழுதியும் இருந்தார். மட்டைப் பெட்டிக்குள் கிடைத்த முடிவை வானத்துக்குப் பொருத்த முடியாது. கீழ்நோக்கி வரும் அந்தக் கதிரை இன்று நிலத்திலிருந்து நேராகவே அளக்கின்றார்கள். பெயர் பொருந்தவில்லை என்பதால் பொருள் இல்லாமல் போகாது. கடற்குதிரை குதிரையல்ல, அதற்காகக் கடலில் அது இல்லையென்று சொல்வோமா?

மூன்றாவது விடயம் பூகோள வெப்பமடைதல். இது நிகழ்வு அல்ல, மாற்றம். பச்சைவீட்டு விளைவு எப்போதும் இருப்பது. அது கூடிக்கொண்டு போவதால் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறுவதுதான் பூகோள வெப்பமடைதல். நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கத் தொடங்குவதற்கு முன், வளியின் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் சுமார் 280 காபனீரொட்சைட்டாக இருந்தன. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது அது 315 அளவில் இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 2011 முதல் 2020 வரையான பத்தாண்டின் சராசரி வெப்பநிலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியை விட 1.1 பாகை கூடியிருந்தது.

33 பாகையையும் 1.1 பாகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது நம்மை வாழவைப்பது. இரண்டாவது மனிதனால் கூடியது. "பச்சைவீட்டு விளைவை ஒழிப்போம்" என்று சுவரொட்டி எழுதும் பிள்ளை, தெரியாமல் அந்த 33 பாகையையும் ஒழிக்கச் சொல்கின்றது.

சூரியன் கூடுதலாக எரிவதால் சூடு ஏறியிருக்கக் கூடாதா என்று உயர்தர மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். அளவீடுகள் காட்டுவது வேறு: நாம் வாழும் மாறன்மண்டலம் சூடாகின்றது, அதற்கு மேலுள்ள படைமண்டலம் குளிர்கின்றது. காபனீரொட்சைட்டு கூடினால் அப்படித்தான் நடக்க வேண்டும். சூடு ஏறியது என்பதோடு நிற்காமல், எந்த வழியால் ஏறியது என்று இப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான் விஞ்ஞானம்.

பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கு, நம் காலடியிலேயே உதாரணம் இருக்கின்றது. கடலரிப்பைப் பச்சைவீட்டு விளைவின் கணக்கில் எழுதிய அந்தப் பிள்ளையின் விடைக்கு வருவோம்.

கடல் மட்டம் உயர்வது உண்மை. பூமி சூடாவதால் கடல்நீர் விரிகின்றது, நிலத்திலுள்ள பனி உருகிக் கடலில் சேர்கின்றது. அண்மைய வருடங்களில் உலக சராசரியாக வருடத்துக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர். பத்து வருடத்தில் ஏறத்தாழ இரண்டு விரற்கடை. சாய்வான மணற்கரையில் அது சில மீற்றர் பின்வாங்கலாகவும் மாறலாம். ஆனால் ஒலுவிலில் நாம் கண்டது, சில வருடங்களுக்குள் தென்னைகளும் மீனவர் வாடிகளும் நின்ற நிலமே கடலுக்குள் போனது. இந்தக் கணக்குக்கு அந்த மில்லிமீற்றர் போதாது.

எங்கள் கரையில் அலை மணலை ஒரே இடத்தில் வைத்திருப்பதில்லை. வருடம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கின்றது. 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட துறைமுகத்தின் கற்தடுப்புகள் அந்த வழியில் குறுக்கே நிற்கின்றன. தெற்கிலிருந்து வரும் மணல் தடுப்பின் தெற்குப் பக்கத்திலும் துறைமுக வாயிலிலும் குவிகின்றது. வாயில் மூடி படகுகள் போக முடியாமல் போவதும் அதனால்தான். வடக்குப் பக்கக் கரையிலிருந்து அலை வழமைபோல மணலை எடுத்துக்கொண்டு போகின்றது, எடுத்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து மணல் வருவதில்லை. கரை தேய்கின்றது, தேய்வு நிந்தவூர்ப் பக்கமாக நகர்கின்றது.

எது காரணம் என்று பிள்ளையே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கின்றது. கடல் மட்டம்தான் காரணமென்றால் துறைமுகத்தின் இரண்டு பக்கமும் அரிக்க வேண்டும். ஒரு பக்கம் மணல் சேர்ந்து மறுபக்கம் மட்டும் அரித்தால், காரணம் இடையில் நிற்கும் பொருளில் இருக்கின்றது. இதற்குக் கருவி வேண்டாம். பின்னேரத்தில் தெற்குக் கரையிலும் வடக்குக் கரையிலும் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும்.

காரணத்தைப் பிழையாகச் சொன்னால் என்ன நடக்கும்? உலகத்து வானத்தின் மீது பழியைப் போட்டுவிட்டால் ஒலுவிலில் எவரும் எதுவும் செய்யத் தேவையில்லை என்றாகிவிடும். சிக்கல் மணலென்று தெரிந்தால், குவிந்த மணலை வடக்கே கொண்டுபோய்க் கொட்டுவது பற்றியும் கரைக்குக் கற்காப்பு இடுவது பற்றியும் பேசலாம். கல்லைப் போட்ட இடத்துக்கு அப்பால் அரிப்பு தொடர்வது ஏன் என்றும் கேட்கலாம். மறுபுறம், கடல் மட்டமும் மெதுவாக உயர்வதால், இப்போது தேய்ந்து நிற்கும் கரை இனிமேல் வரும் புயலுக்கும் பெருங்கடலுக்கும் இன்னும் எளிதாக இடம் கொடுக்கும். இரண்டும் உண்மை. இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால்தான் இரண்டுக்கும் தனித்தனி மருந்து தேடலாம்.

சக ஆசிரியர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். கரும்பலகையில் மூன்று நிரல் போடுங்கள். ஒன்றில் பச்சைவீடு: வளி அடைபடுவதால் சூடாகும் செடிக்கூடம். அடுத்ததில் பச்சைவீட்டு விளைவு: வாயுக்கள் செங்கீழ்க் கதிரை உறிஞ்சித் திரும்ப வெளிவிடுவது, நமக்கு 33 பாகை தருவது. மூன்றாவதில் பூகோள வெப்பமடைதல்: அந்த வாயுக்கள் கூடியதால் வெப்பநிலை ஏறுவது. 'பச்சைவீட்டு விளைவின் தீமைகளை எழுதுக' என்று கேள்வி போடாதீர்கள். 'பச்சைவீட்டு விளைவு தீவிரமடைவதால்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஒரு சொல்லில்தான் முழு வித்தியாசமும் இருக்கின்றது. பெயரை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. பாடநூலிலும் பரீட்சையிலும் அந்தப் பெயர்தான் வரும். பெயரோடு சேர்த்து அதன் பிழையையும் சொல்லிக் கொடுப்பது நம் கையில் இருக்கின்றது.

அந்த வாப்பாவிடம், மகளை ஒருநாள் மத்தியானம் கூடாரத்துக்குள் கூட்டிப்போய் ஒரு வெப்பமானியைத் தொங்கவிடச் சொன்னோம். முதலில் எல்லாப் பக்கத்தையும் மூடி வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு உச்சியைத் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். வாசிப்பு இறங்குவதை மகள் தன் கண்ணால் கண்டால், வானத்துக்கு ஏன் உச்சி திறக்க முடியாது என்ற அடுத்த கேள்வியை அவளே கேட்பாள். அந்தக் கேள்வியோடு அவள் வகுப்புக்கு வரட்டும். பதில் சொல்ல நாங்கள் இருக்கின்றோம்.

கறிமிளகாய்க் கன்றுகள் வாங்கியாயிற்றாம். உச்சியில் வளி போக வழி வைக்க மறக்க வேண்டாம் என்று மீண்டும் சொல்லியிருக்கின்றோம்.